டிவி லிஸ்டிங்கில் எண்ணை விடாமல் எளிமையாக எழுதுவது

கேள்வி: "ஆன்லைன் கடைக்கு டிவி விவரம் எழுதுகிற வேலை. கம்பெனி அனுப்புகிற ஸ்பெக் ஷீட்டை அப்படியே போட்டால் முதல்முறை டிவி வாங்குகிறவர்களுக்குப் புரிவதில்லை. எளிமையாக்கினால் எங்கேயோ தப்பாகிவிடுகிறது. சைஸ், ரெசல்யூஷன், பேனல், ஸ்மார்ட் இதையெல்லாம் எப்படித்தான் எழுதுவது?"

எளிமையாக்கும்போது தப்பு நுழைவது பெரும்பாலும் ஒரே வழியாகத்தான். எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பாராட்டை வைத்துவிடுகிறோம். "3840 x 2160" போய் "கண்ணைக் கவரும் துல்லியம்" வந்து உட்கார்ந்துகொள்கிறது. எண் இருந்தவரை சரிபார்க்க ஒன்று இருந்தது, இப்போது அதுவும் இல்லை. எண் அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்தில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: வீட்டில் அது என்ன செய்யும், எந்த நிலைமையில் அது செய்யாது. இரண்டாவதை எழுதத்தான் கை கூசும். ஆனால் திரும்பி வரும் டிவிகளில் பழுதே இல்லாதவை கணிசம், அவை வருவது அந்த இரண்டாவது வரி இல்லாததால்தான். ஷீட்டில் "43 இன்ச் (108 செ.மீ.) 4கே அல்ட்ரா எச்டி ஸ்மார்ட் எல்இடி டிவி" என்று தலைப்பு உள்ள ஒரு சாதாரண மாடலை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் அளவு. 108 செ.மீ. என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்தது. முதல்முறை வாங்குகிறவர் இதை அகலம் என்றுதான் படிப்பார், செ.மீ. என்று போட்டிருப்பதால் இன்னும் உறுதியாகப் படிப்பார். இன்றைய டிவிகள் எல்லாமே கிட்டத்தட்ட 16க்கு 9 என்ற விகிதம். அதனால் குறுக்களவை 0.87ஆல் பெருக்கினால் அகலம், 0.49ஆல் பெருக்கினால் உயரம். இந்த மாடலுக்கு அகலம் 94 செ.மீ., உயரம் 53 செ.மீ. வரும். போகிற போக்கில் ஒன்று: 43 இன்ச் என்றால் கணக்குப்படி 109.2 செ.மீ. வர வேண்டும், ஷீட்டில் 108 என்று இருக்கிறதே என்று யாராவது கேட்டால் அது அச்சுப்பிழை இல்லை. உண்மையான திரை 42.5 இன்ச், அதை 43 என்று முழுமையாக்கி விற்கிறார்கள். அதனால் கணக்குப் போடும்போது இன்ச்சை விட்டுவிட்டுச் செ.மீ. எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

திரையைச் சுற்றிச் சட்டம் இருக்கிறது, எனவே மொத்த அகலம் ஒன்றிரண்டு செ.மீ. கூடும். ஷீட்டில் "ஸ்டாண்டுடன்", "ஸ்டாண்டு இல்லாமல்" என்று இரண்டு அளவு கொடுத்திருப்பார்கள், இரண்டையும் போடுங்கள். ஆனால் பெரும்பாலான ஷீட்டுகளில் இல்லாத, வாங்குகிறவருக்கு மிகவும் தேவையான ஓர் எண் உண்டு: இரண்டு கால்களுக்கும் இடையே உள்ள தூரம். பழைய டிவிகளில் நடுவில் ஒரே பீடம் இருந்தது, சின்ன மேசையிலும் நின்றது. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கால். கால்களின் வெளிப்பக்க அளவு 78 செ.மீ. என்றால் 60 செ.மீ. மேசையில் அந்த டிவி நிற்கவே நிற்காது. மேசை வைத்திருப்பவருக்குப் பெட்டியைத் திறந்து காலை மாட்டிய பிறகுதான் இது தெரியவரும். மாதிரி டிவி கையில் இருந்தால் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். இல்லையென்றால் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள்.

ஆக, அளவுக்கான பத்தி இப்படி இருக்கலாம்: "43 இன்ச் என்பது திரையின் குறுக்களவு. திரையின் அகலம் 94 செ.மீ., உயரம் 53 செ.மீ. சட்டத்தோடு டிவியின் அகலம் 96 செ.மீ. மேசையில் வைப்பதானால் கால்களுக்கு 78 செ.மீ. இடம் வேண்டும், 85 செ.மீ. அகலமுள்ள மேசை போதும். சுவரில் மாட்டுவதானால் பின்பக்கத் துளைகள் 20 செ.மீ.க்கு 20 செ.மீ. இடைவெளியில் உள்ளன, 200 x 200 என்று எழுதியிருக்கும் மவுண்ட் பொருந்தும்." இதில் 94, 53 இரண்டும் எந்த 108 செ.மீ. டிவிக்கும் பொருந்தும். மற்றவை மாடலுக்கு மாடல் மாறும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்காதீர்கள்.

எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்பதையும் பலர் விதி போல எழுதுகிறார்கள். அது விதி இல்லை. திரை பார்வையில் சுமார் 30 பாகையை நிரப்பினால் படம் பார்க்க நன்றாக இருக்கும் என்ற பரிந்துரை உண்டு, அதன்படி குறுக்களவைப்போல் 1.6 மடங்கு தூரம் வருகிறது. இந்த டிவிக்கு ஏறக்குறைய 1.7 மீட்டர். செய்தியும் தொடரும் பார்க்கும் வீடுகளில் இரண்டரை மீட்டருக்கு அப்பால்கூட உட்கார்ந்து நிம்மதியாகப் பார்க்கிறார்கள். அதனால் "சுமார் 1.7 முதல் 2.7 மீட்டர் தூரத்தில் உட்காருபவர்களுக்கு ஏற்றது, அதற்கு மேல் தூரம் என்றால் ஒரு சைஸ் பெரியதைப் பாருங்கள்" என்று பரிந்துரையாக எழுதினால் போதும். பெரிய சைஸ் என்றதும் இன்னொன்று: 43க்கும் 55க்கும் 12 இன்ச்தான் வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் திரையின் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடுகிறது. இரண்டு சைஸிலும் வரும் மாடலுக்கு இந்த ஒரு வரியே பெரிய உதவி.

அடுத்தது ரெசல்யூஷன். இங்கேதான் லிஸ்டிங்குகள் அதிகமாக வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்கின்றன. திரையில் எத்தனை புள்ளிகள் என்பதுதான் ரெசல்யூஷன். 4கே டிவியில் குறுக்கே 3840, மேலிருந்து கீழாக 2160, மொத்தம் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டியில் 1920க்கு 1080, சுமார் 21 லட்சம். ஆக நான்கு மடங்கு. இதுவரை சந்தேகமில்லை. "நான்கு மடங்கு தெளிவு" என்று எழுதும்போதுதான் பொய் தொடங்குகிறது, ஏனென்றால் தெளிவைத் தீர்மானிப்பவை இன்னும் இரண்டு உண்டு: உட்காரும் தூரமும், டிவிக்குள் என்ன வருகிறது என்பதும்.

தூரத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 94 செ.மீ. அகலத்தில் 1920 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். சாதாரணப் பார்வை உள்ள கண்ணால் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்க முடியும் என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. அதன்படி அரை மில்லிமீட்டர் புள்ளிகள் சுமார் 1.7 மீட்டருக்கு அப்பால் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதாவது 43 இன்ச் டிவியை இரண்டரை மீட்டரிலிருந்து பார்ப்பவருக்கு, புள்ளிகளின் எண்ணிக்கையால் மட்டும் வரும் வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. 55 இன்ச்சில் அதே எல்லை 2.2 மீட்டருக்குப் போகிறது, அங்கே 4கேக்குக் கொஞ்சம் கூடுதல் நியாயம் இருக்கிறது. கூர்மையான பார்வை உள்ளவர்களுக்கு இந்த எல்லை இன்னும் தள்ளிப் போகும், எனவே இந்த எண்களை லிஸ்டிங்கில் தீர்ப்பாக எழுத வேண்டாம். "அருகில் உட்காருபவர்களுக்கும் பெரிய திரைக்கும் 4கேயின் பலன் அதிகம்" என்றாலே உண்மையைச் சொன்னதாகிவிடும்.

உள்ளே வருவது இன்னும் முக்கியம். பழைய தரத்தில் ஒளிபரப்பாகும் சேனல் ஒன்றில் 720க்கு 576 புள்ளிகள் இருக்கும், நான்கு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் இருப்பது அதைப்போல் சரியாக 20 மடங்கு. ஒரு புள்ளியிலிருந்து 20 புள்ளிகளை டிவி ஊகித்து நிரப்ப வேண்டும். நல்ல டிவி இந்த வேலையை ஓரளவு ஒப்பேற்றும், ஆனால் படத்தில் இல்லாத விவரத்தைக் கொண்டுவர எந்த டிவியாலும் முடியாது. பழைய 24 இன்ச் டிவியில் நன்றாகத் தெரிந்த அதே சேனல் புது டிவியில் மங்கலாக, முகங்கள் மெழுகு பூசியதுபோல் தெரியும். "படம் தெளிவில்லை, டிவியில் கோளாறு" என்ற புகாருக்கு இது முதன்மையான காரணங்களில் ஒன்று. இதற்கு லிஸ்டிங்கில் மூன்று வாக்கியம் செலவழிக்கத் தயங்காதீர்கள்: "4கே தெளிவு, 4கேயில் தயாரித்த நிகழ்ச்சிகளில் மட்டுமே முழுமையாகத் தெரியும். எச்டி சேனல்கள் நன்றாக இருக்கும். சாதாரண சேனல்கள் பெரிய திரையில் சற்று மங்கலாகத் தெரிவது இயல்பு, உங்கள் செட்டாப் பாக்ஸ் எச்டி வகையா, எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருக்கிறதா என்று பாருங்கள்."

ரெசல்யூஷனில் ஒரு பொறியும் உண்டு. சில ஷீட்டுகளில் "4கே சப்போர்ட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். திரையின் ரெசல்யூஷன் கீழே எங்கோ 1920 x 1080 என்றோ 1366 x 768 என்றோ இருக்கும். 4கே வீடியோவை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்பதுதான் அதன் பொருள். லிஸ்டிங்கின் தலைப்பில் போக வேண்டியது பேனலின் சொந்த ரெசல்யூஷன் மட்டுமே. ஷீட்டில் அது தெளிவாக இல்லாமல் டிவி கையில் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் இணைத்து ரெசல்யூஷனை 3840 x 2160 என்று வைத்து, ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று மாறி மாறி வரும் செங்குத்துக் கோடுகள் உள்ள படத்தை முழுத்திரையில், பெரிதாக்காமல் சிறிதாக்காமல் திறங்கள். டிவியின் பட அமைப்பில் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கும் வசதி இருந்தால் அதை முதலில் அணைத்துவிடுங்கள். திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தால் உண்மையான 4கே பேனலில் கோடுகள் தனித்தனியாகத் தெரியும். எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறமாகவோ அலையலையாகவோ தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

பேனலுக்கு வருவோம். முதல்முறை வாங்குகிறவர் எல்இடி, கியூஎல்இடி, ஓஎல்இடி மூன்றையும் ஒரே ஏணியின் மூன்று படிகள் என்று நினைக்கிறார். பெயர்கள் அப்படித்தான் ஒலிக்கின்றன, தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. உண்மையில் வகை இரண்டுதான். ஒன்றில் எல்சிடி திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, திரை அந்த வெளிச்சத்தை மறைத்தும் விட்டும் படம் காட்டுகிறது. எல்இடி டிவி என்பது அந்தப் பின்விளக்கு எல்இடியால் ஆனது என்று சொல்கிறதே தவிரத் திரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதே அமைப்பில் நிறத்தைச் செழிப்பாக்கும் ஓர் அடுக்கைச் சேர்த்தால் கியூஎல்இடி. பின்விளக்குகளை மிகச் சிறியவையாக்கி, பகுதி பகுதியாக மங்கவும் எரியவும் வைத்தால் மினி எல்இடி. மூன்றும் ஒரே குடும்பம். ஓஎல்இடி தனிக் குடும்பம்: அங்கே பின்விளக்கே இல்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அதனால் கறுப்பு உண்மையான கறுப்பு, பக்கத்திலிருந்து பார்த்தாலும் படம் அதிகம் மாறாது. அதன் மறுபக்கத்தையும் எழுதுங்கள்: ஒரே சேனல் லோகோவோ செய்திப் பட்டையோ தினமும் பல மணி நேரம் அதே இடத்தில் நின்றால் நாளடைவில் அதன் தடம் திரையில் நிலைத்துவிடும் வாய்ப்பு உண்டு. நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு இதை வாங்குவதற்கு முன் தெரிய வேண்டும்.

நம் 43 இன்ச் மாடல் முதல் குடும்பம். அதற்குள்ளும் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகைப் பேனல்கள் பரவலாக உண்டு. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் பேனலில் பக்கத்திலிருந்தும் நிறம் நிற்கும், ஆனால் இருட்டறையில் கறுப்பு, சாம்பல் போலத் தெரியும். எழுதும்போது பெயரைச் சொல்வதைவிட உட்காரும் விதத்தைச் சொல்லுங்கள்: "எல்லோரும் நேராக உட்கார்ந்து, இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்க்கும் அறைக்கு ஏற்றது" அல்லது "ஹாலில் நாலு பக்கமும் ஆட்கள் உட்காருவார்கள் என்றால் ஏற்றது".

ஆனால் எந்த வரியைப் போடுவது என்பதில் கவனம் வேண்டும். பல கம்பெனிகள் பேனல் வகையை ஷீட்டில் எழுதுவதே இல்லை. ஒரே மாடல் எண்ணில் ஒரு தொகுதிக்கு ஐபிஎஸ், இன்னொரு தொகுதிக்கு விஏ என்று வெவ்வேறு பேனல் போட்டு அனுப்புவதும் நடக்கிறது. கையில் இருக்கும் டிவியில் ஒரு முகம் நிறைந்த படத்தை நிறுத்தி, 45 பாகை பக்கமாக நின்று பார்த்தால் வெளிறுகிறதா என்று தெரிந்துவிடும், ஆனால் அது அந்த ஒரு டிவிக்கான பதில்தான். கம்பெனி எழுத்தில் உறுதி சொன்னால் மட்டும் பேனல் வகையை லிஸ்டிங்கில் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த வரியை விட்டுவிடுங்கள். "பார்வைக் கோணம் 178 பாகை" என்று ஷீட்டில் இருக்குமே, அதைப் பதிலாக வைக்கலாமா என்றால் வேண்டாம். வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு பத்துக்கு ஒன்று என்று தேயும் வரையான கோணத்தை அளந்து வரும் எண் அது. அந்த நிலையில் படம் ஏற்கெனவே வெளிறிப்போயிருக்கும். ஐபிஎஸ்ஸுக்கும் 178, விஏவுக்கும் 178 என்றே அச்சிடுகிறார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டாத எண்ணால் வாங்குகிறவருக்கு என்ன பயன்?

எச்டிஆர் பற்றி ஒரு வார்த்தை. "எச்டிஆர் 10 சப்போர்ட்" என்றால் அந்த வகை வீடியோவை டிவி ஏற்றுக்கொள்ளும் என்று பொருள். அதன் பளிச்சென்ற வெளிச்சத்தைக் காட்டும் திறன் வேறு விஷயம். திரையின் அதிகபட்ச வெளிச்சம் 250, 300 நிட்ஸ் என்ற அளவில் இருந்தால் எச்டிஆரை முன்னிறுத்தாதீர்கள், விவரப் பட்டியலில் ஒரு வரியாக இருந்தால் போதும். அதேபோல் "மோஷன் 120" போன்ற பெயர்கள் பெரும்பாலும் கம்பெனியின் சொந்தக் கணக்கு. பேனல் நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதை ஹெர்ட்ஸில் கேட்டு வாங்கி அதை எழுதுங்கள்.

ஸ்மார்ட் என்ற சொல்லுக்கு வாங்குகிறவர் மனதில் இருக்கும் பொருள் ஒன்றே: யூடியூபும் அவர் பார்க்கும் ஓடிடி ஆப்களும் ஓட வேண்டும். எனவே இயங்குதளத்தின் பெயரைத் துல்லியமாக எழுதுங்கள்: கூகுள் டிவி, வெப்ஓஎஸ், டைசன், எதுவோ அது. "ஆண்ட்ராய்டு" என்று மட்டும் ஷீட்டில் இருந்தால் நின்று விசாரியுங்கள். ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை எடுத்துக் கம்பெனியே தயாரித்த அமைப்பும் ஆண்ட்ராய்டுதான், கூகுளின் அனுமதி பெற்ற ஆண்ட்ராய்டு டிவியும் ஆண்ட்ராய்டுதான். முதல் வகையில் டிவிக்கான ப்ளே ஸ்டோர் இருக்காது, நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை ஓடாமல் போகலாம், ஓடினாலும் எச்டி தரத்தில் வராமல் போகலாம். டிவியை ஆன் செய்து, நீங்கள் பெயர் சொல்லப்போகும் ஒவ்வோர் ஆப்பையும் திறந்து ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பார்த்த பிறகே அந்தப் பெயரை எழுதுங்கள். யூடியூபில் வீடியோ ஓடும்போது அமைப்புகளில் Stats for nerds என்பதை இயக்கினால் Current / Optimal Res என்ற வரியில் அப்போது எந்த ரெசல்யூஷனில் வீடியோ வருகிறது என்று தெரியும். 4கே வீடியோவைப் போட்டும் 1920x1080க்கு மேல் ஏறவில்லை என்றால் முதலில் இணைய வேகத்தைப் பாருங்கள், அது சரியாக இருந்தால் ஆப்பிலோ டிவியிலோதான் தடை.

வாங்குகிறவருக்குச் சொல்லாமலே தெரியும் என்று நாம் நினைக்கும் மூன்று விஷயங்களை இங்கே எழுதியே ஆக வேண்டும். ஆப் டிவியில் இருப்பதால் சந்தா இலவசம் ஆகிவிடாது. ஸ்மார்ட் வசதிக்கு வைஃபையோ கேபிள் இணையமோ வேண்டும், ஆனால் இணையம் இல்லாவிட்டாலும் செட்டாப் பாக்ஸும் பென் டிரைவும் வழக்கம்போல் வேலை செய்யும். 4கேயில் ஓடிடி பார்க்க நிலையான வேகம் வேண்டும், நெட்ஃப்ளிக்ஸ் இதற்கு 15 எம்பிபிஎஸ் அல்லது அதற்கு மேல் என்கிறது, சில ஓடிடி நிறுவனங்களில் 4கேக்கு உயர்ந்த சந்தா திட்டமும் எடுக்க வேண்டும். டிவியின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் என்றால் அதையும் மறைக்காமல் போடுங்கள், அக்கம்பக்க ரௌட்டர்கள் நிறைந்த குடியிருப்பில் படம் நின்று நின்று வருவதற்கு அதுவே காரணமாகலாம்.

ஸ்டோரேஜ் 8 ஜிபி என்று எழுதினால் போனைப்போல் எண்ணிக்கொள்வார்கள். அதில் பெரும்பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும், எனவே டிவியின் அமைப்புகளில் காட்டும் காலி இடத்தைப் பார்த்து அந்த எண்ணையே எழுதுங்கள். ஆப்கள் எத்தனை ஆண்டு ஓடும் என்பதற்கு மட்டும் உறுதி கொடுக்காதீர்கள். அது டிவி கம்பெனியின் கையில் மட்டும் இல்லை. ஆப் நிறுவனம் பழைய மாடல்களுக்கு ஆதரவை நிறுத்தினால் டிவி நன்றாக இருந்தும் ஆப் திறக்காது. அப்படி ஆனாலும் எச்டிஎம்ஐயில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகித் தொடர்ந்து பார்க்கலாம், அதனால் எச்டிஎம்ஐ துளைகள் எத்தனை, அவை பின்பக்கமா ஓரத்திலா என்பதை ஸ்மார்ட் பத்தியின் கடைசியிலேயே எழுதிவிடுங்கள்: "எச்டிஎம்ஐ 3, இரண்டு ஓரத்தில், ஒன்று பின்னால். சுவரோடு ஒட்டி மாட்டினால் பின்னால் உள்ளதைப் பிறகு தொட முடியாது, செட்டாப் பாக்ஸ் கேபிளை மாட்டிவிட்டு டிவியைச் சுவரில் ஏற்றுங்கள்."